இரண்டு டிக்

ஜூன் 3, திங்கள்

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் நாச்சிமுத்து. அவர் செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்து, ஒரு நாள் முதலாளி முன்னால் விரித்து வைக்கப் போகிறேன். வாய்ச்சொல்லாகப் போனால் முதலாளி சிரித்து அனுப்பிவிடுவார்.

கடையில் நான் கண் பரிசோதனை. முன் அறை என்னுடையது. ஆளை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, பவர் எழுதி, கார்டை டிரேயில் வைத்து உள்ளே அனுப்புவேன். உள்ளே நாச்சிமுத்து லென்ஸைத் தேய்த்து, பிரேமில் மாட்டி, மெஷினில் வைத்துப் பவர் சரிதானா என்று பார்த்து, கார்டில் ஒரு டிக் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு டிக். என் கார்டுகளில் இரண்டு டிக் இருக்கிறது. அதாவது என் வேலையை நம்பாமல் இரண்டு தடவை பார்க்கிறார்.

இரண்டாவது குற்றம்: கூப்பிட்டால் திரும்புவதில்லை. "நாச்சிமுத்தண்ணா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். கடையில் எல்லா ஆண்களையும் அண்ணா என்றுதான் சொல்கிறேன், எல்லோரும் திரும்புகிறார்கள். முப்பத்தோரு வயதில் காது மந்தமாகிவிடுமா என்ன?

ஜூன் 4, செவ்வாய்

ஏழு கார்டு. ஏழிலும் இரண்டு டிக்.

ஜூன் 6, வியாழன்

இன்று எல்லை மீறிவிட்டார். மூலனூர் வாத்தியார் ஒருவருடைய கார்டு திரும்பி வந்தது. சிலிண்டர் பவருக்கு எழுதும் கோணத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், பொடி எழுத்தில், "180ங்களா, 80ங்களா மேடம்?" என்று கேள்வி. நேரில் வந்து கேட்க வாய் இல்லை. பத்தடி தூரத்தில் இருக்கிறேன்.

பரிசோதனை நோட்டை எடுத்துப் பார்த்தேன். 80தான். அவசரத்தில் முன்னால் ஒரு ஒன்று விழுந்திருக்கிறது. அது ஒரு பெரிய விஷயமில்லை. அப்படியே மாட்டியிருந்தால் வாத்தியாருக்குத் தலை சுற்றியிருக்கும், கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் வீசியிருப்பார், அவ்வளவுதான்.

80 என்று திருத்தி, பேனா கிழிய அடிக்கோடு போட்டு அனுப்பினேன்.

ஜூன் 7, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு டிக், கூப்பிட்டால் திரும்பாதது, எல்லாம். 80 விவகாரத்தை மட்டும் சொல்லவில்லை, அது இதில் சேராது.

அவர் டீயை வைத்துவிட்டு, காங்கயம் கடையில் லென்ஸ் வெட்டுகிற ஆள் நின்றுவிட்டதாகவும், இனி இரண்டு கடை வேலையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றிருப்பதாகவும், ஜூலை ஒன்றிலிருந்து நாச்சிமுத்துவை அங்கே மாற்றிவிடுவதாகவும் சொன்னார். டிரேயைப் பஸ்ஸில் அனுப்பி வாங்கிக்கொள்வதாம். "உனக்கும் தொந்தரவில்ல, எனக்கும் ஒரு வேல முடிஞ்சுது" என்றார்.

நல்லது. நான் கேட்டதற்கு மேலேயே நடந்திருக்கிறது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, தயிர் புளித்திருந்தது.

ஜூன் 8, சனி

அம்மா ஒரு போட்டோவை டிவிக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறாள். உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை, பேங்கில் வேலை. முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற பேச்சே இருக்கக் கூடாது, வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடு என்கிறாள். இருபத்தெட்டு முடியப் போகிறதாம். எனக்குத் தெரியாதா?

போட்டோவில் குறை ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதை யோசிக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

கவுன்டரில் இருக்கும் வளர்மதியக்கா இன்று மாற்றல் விஷயத்தைக் கேட்டு என் அறைக்கே வந்துவிட்டார். கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர், எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பார்.

இரண்டு டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது முன்னாலேயே தெரியும். சனிக்கிழமை வருகிற கண் டாக்டருடைய கார்டுகளுக்கும் ஒரே டிக்தானாம். "உன்ற கார்டுக்கு மட்டுந்தான் அம்மிணி ரெண்டு" என்றார். அப்படியென்றால் நான்தான் அவ்வளவு மோசமா என்று கேட்டேன். அக்கா பதிலுக்கு, போன தீபாவளி சமயத்தில் ஒரு கண்ணாடி திரும்பி வந்து முதலாளி கூட்டத்தில் வைத்து என்னைத் திட்டியது நினைவிருக்கிறதா என்று கேட்டார். மறக்குமா? பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

"அன்னைக்கிருந்து உன்ற கண்ணாடி ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா?"

திரும்பி வந்த கண்ணாடிகளை எழுதும் நோட்டை எடுத்துப் புரட்டினேன். தீபாவளிக்கு முன்னால் மாதம் இரண்டு மூன்று என் பெயரில் இருக்கிறது. அதற்கப்புறம் ஏழு மாதமாக ஒன்றுகூட இல்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, புதன்

ஒரு பதிலை வைத்து நான் யாருக்கும் பவர் எழுதுவதில்லை. அதே லென்ஸை மறுபடி போட்டுக் காட்டுவேன். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால்தான் எடுத்துக்கொள்வேன். ஆகவே டிக்கை மட்டும் வைத்து எதையும் நினைக்கக் கூடாது. அவருக்கு முதலாளியின் சத்தம் பிடிக்காமல் இருக்கலாம். வேலையில் கறாராக இருக்கலாம்.

மற்றவர்களிடம் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால்தானே என்னிடம் இருப்பது வித்தியாசமா என்று தெரியும்? நாள் முழுக்கக் கவனித்தேன். வளர்மதியக்காவிடம் சின்ன வெங்காயம் அழுகிப்போன கதையை முழுசாகச் சொன்னார், சிரிக்கக்கூடச் செய்தார். பிரேம் கொண்டுவருகிற ஆளிடம் கிரிக்கெட். என்னிடம், "சரிங்க மேடம்." அதையும் கையில் இருக்கும் துணியைப் பார்த்துச் சொல்கிறார். ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைக்கிறார்.

பயமாக இருக்கும் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பயந்தவர் விலகிப் போவார். இவர் போவதில்லை. உள்ளே ஸ்டூல் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. டீயை மட்டும் எடுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைப் பார்த்தபடி நின்று குடிக்கிறார். என்னைப் பார்ப்பதில்லை. எத்தனை நாளாக இப்படி? தெரியவில்லை, நான் கவனித்ததே இல்லை.

இதையெல்லாம் எழுதுவது முதலாளியிடம் காட்டுவதற்குத்தான்.

ஜூன் 14, வெள்ளி

என் கண்ணாடியின் மூக்குப் பிடி தளர்ந்திருந்தது. மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து போட்டால் கச்சிதமாக உட்காருகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

பிறகு வளர்மதியக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். திங்கட்கிழமை அவருடையதையும் சரி செய்தாராம். வாட்ச்மேனுடையதையும். ஆகவே இது கணக்கில் வராது. எல்லோருக்கும் செய்வது எனக்குச் செய்வதாகாது. இது தெரியாமல் முட்டாள் மாதிரி சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

ஒன்று கண்டுபிடித்தேன்.

காலையில் உள்ளே போனேன். மெஷின் ஓடவில்லை. மூன்றடி தூரத்தில் நின்று "நாச்சிமுத்தண்ணா" என்றேன். திரும்பவில்லை. சாயங்காலம் மெஷின் இரைந்துகொண்டிருக்கும்போது, "இந்தக் கார்டு கொஞ்சம் அவசரம்" என்று மட்டும் சொன்னேன், அண்ணா இல்லாமல். உடனே திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், ஒரு நொடிதான், பிறகு துணியைப் பார்த்தார்.

காது நன்றாகக் கேட்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

அதே லென்ஸை மறுபடி காட்டுவது என்பது என் வழக்கம். இன்று நான்கு தடவை போனேன். அண்ணா, சும்மா, சும்மா, அண்ணா. சும்மா சொன்ன இரண்டுக்கும் திரும்பினார். முதல் அண்ணாவுக்குத் திரும்பவில்லை.

நான்காவது தடவை அவர் கண்டுபிடித்துவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. கையில் இருந்த பிரேமை வைத்துவிட்டுப் பின்பக்க வாசல் வழியாக வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களாவது பரிசோதிக்கச் சொல்லி வந்து உட்காருகிறார்கள். இவர் என்னிடம் என்ன கேட்டார்? ஒளித்து வைத்திருந்த ஒன்றை நான் வெளியே இழுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறேன். அவமானமாக இருக்கிறது.

ஜூன் 19, புதன்

டீயை உள்ளேயே குடித்துவிட்டார்.

ஜூன் 20, வியாழன்

ஒன்பது கார்டு. எல்லாவற்றிலும் ஒரே டிக்.

இதைத்தானே கேட்டேன், முதலாளியிடம் போய்ச் சொல்லிக் கேட்டேன். கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு டிக் பின்பக்கம் எங்காவது இருக்குமா என்று தேடினேன். வலிக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடிக்கப் போவதில்லை.

ஜூன் 21, வெள்ளி

வளர்மதியக்கா சொன்னார். மாற்றல் என் புகாரால்தான் என்று முதலாளி நாச்சிமுத்துவிடம் போட்டு உடைத்திருக்கிறார். அதற்கு நாச்சிமுத்து அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: "மேடத்துக்குத் தொந்தரவா இருந்துருக்கறேன் போலிருக்குதுங்க்கா. எனக்குத் தெரியாமப் போச்சு."

கோபப்பட்டிருந்தால் தேவலை. வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள், இல்லை இன்னொரு தடவை முயன்று பார்ப்பார்கள். இவருக்கு ஒரு சின்னக் கதவு சாத்தினாலே போதும், அப்படியே போய்விடுவார், சத்தம்கூட வராது. நான் அடித்துச் சாத்தியிருக்கிறேன்.

ஜூன் 22, சனி

முதலாளியிடம் போய் 80 விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் காப்பாற்றினார், புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காங்கயத்தில் ஆள் இல்லை, மெஷினையும் அங்கே அனுப்பியாகிறது, மாற்றல் மாற்றல்தான் என்றார். "ரெண்டு பேரும் என்னத்த வெளையாடறீங்கன்னே எனக்குப் புரியில" என்றார்.

அம்மா முப்பதாம் தேதிக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள், மாம்பழ நிறம்.

ஜூன் 24, திங்கள்

மன்னிப்பும், அவர் மனதைக் கேட்கிற கேள்வியும் ஒன்றாகப் போகக் கூடாது. ஒன்றாகப் போனால் மன்னிப்புக்காகச் சரி என்பார். முதலில் மன்னிப்பு மட்டும்.

வெற்றுக் கார்டு ஒன்றில் எழுதினேன்: "80 என்று கேட்டது சரி. தப்பு என்னுடையது. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கூப்பிட்டு விளையாடியதற்கும் மன்னிக்கணும். பதில் வேண்டாம். தமயந்தி." டிரேயின் அடியில் வைத்து அனுப்பினேன்.

அண்ணா என்று போடவில்லை. அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியாமல் பெயரையும் போடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

கார்டு திரும்பி வந்தது. கீழே பென்சிலில், "பரவால்லீங்க."

மேடம் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை மேடம் இல்லாமல் ஒரு வார்த்தை. ஆனால் ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அவசரத்தில் விட்டிருக்கலாம். அவர் எதை அவசரத்தில் செய்திருக்கிறார்?

ஜூன் 26, புதன்

டீயோடு வாசலுக்கு வந்தார்.

எழுந்து போய் நானும் கதவோரம் நின்றேன். அவரைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் அவருக்கு ஓடத் தோன்றும் என்று இப்போது தெரியும். இரண்டு பேரும் அட்டையைப் பார்த்தோம். கடைசி வரிசை எல்லாருக்கும் கஷ்டம்தான் என்று அட்டையிடம் சொன்னேன். பதில் வராது என்றிருந்தேன். காத்திருப்பது எனக்கு வராது, வாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். டீ பாதி ஆன பிறகு பேசினார்.

"கடைசி வரிசைல நாலாவது எழுத்து மங்கிப்போச்சுங்க. தை மாசமே சாயம் போயிருச்சு."

மூன்று வருஷமாக அந்த அட்டையை வைத்து ஊருக்கே கண் பார்க்கிறேன். எனக்கு அது தெரியாது. தை மாசம் என்றால் ஜனவரி. கிட்டத்தட்ட ஐந்து மாதமாக அந்த இடத்தில் நின்றிருக்கிறார்.

டிக். அண்ணா. டீ. மேடம் இல்லாதது. நான்கு வேறு வேறு விஷயம், வேறு வேறு நாளில், ஒரே பக்கம் சாய்கிறது. எதையும் அவர் எல்லாருக்கும் செய்யவில்லை. இதற்கு மேல் நோட்டில் எழுதி எழுதித் தெரிந்துகொள்ள முடியாது. கேட்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டு அப்புறம் உடுமலைக்காரர்களுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் என் கல்யாணமே தொங்கும். அந்தப் பாரத்தை அவர் தலையில் வைத்தால் எதற்கும் தலையாட்டுவார். எனக்கு வேண்டாம் என்றால் அது எனக்கு வேண்டாம்.

"ஏம்புள்ள, தெரியாமலயா வேண்டாங்கற?" என்று அம்மா கேட்டாள். புடவையை மடித்து உள்ளே வைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

"நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டால் நூறு பேரில் நூறு பேரும் தெரியுது என்பார்கள். நம்மை வருத்தப்பட வைக்கக் கூடாது என்று சொல்வது. அதனால்தான் ஒன்றா, இரண்டா, இல்லை இரண்டும் ஒரே மாதிரியா என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் பதிலும் தப்பில்லை என்று தெரிந்தால்தான் ஆள் உண்மையைச் சொல்லும்.

கார்டில் எழுதி, டிரேயின் அடியில் வைத்து அனுப்பினது இது:

"ஒரு நாள் நான் காங்கயம் வந்தால் சேர்ந்து டீ குடிக்கலாமா?
1. சரி.
2. வேண்டாம்.
3. இப்போது சொல்லத் தெரியவில்லை.
எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை. இப்போதே சொல்ல வேண்டியதில்லை."

வருத்தமில்லை என்பது பொய். ஆனால் அதைக் காட்டாமல் இருக்க என்னால் முடியும்.

ஜூன் 29, சனி

கடைசி நாள். காலையிலிருந்து டிரே ஆறு தடவை வந்தது. கார்டு இல்லை. ஐந்து மணிக்கு ஒரு மஞ்சப் பையோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். வளர்மதியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக நாச்சிமுத்து என் வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். "வர்றனுங்க" என்றார். போய்விட்டார்.

பின்னாலேயே ஓடிப் போய் என்ன ஆச்சு என்று கேட்கக் கால் துடித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதே சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியது நான்தான். பதிலே வராமல் இருப்பதும் ஒரு பதில். மறுபடி கேட்கக் கூடாது.

ஜூன் 30, ஞாயிறு

யாரும் வரவில்லை. துணி துவைத்தேன். அம்மா இன்னும் பேசவில்லை. மத்தியானம் தட்டில் எனக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தாள்.

ஜூலை 1, திங்கள்

காலையில் டிரேயைக் காங்கயம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தது. வளர்மதியக்கா பிரிப்பதற்குள் நானே வாங்கிக்கொண்டேன்.

டாக்டருடைய கார்டு மூன்று, ஒரே டிக். என்னுடையது ஐந்து, இரண்டு இரண்டு டிக்.

எல்லாவற்றுக்கும் அடியில் என் கார்டு. நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மூன்று நாளாகச் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும், ஒரு மூலையில் வியர்வை பட்டு மை பரவியிருக்கிறது. "1. சரி" என்ற வரிக்குப் பக்கத்தில் இரண்டு டிக். கீழே பென்சிலில், பொடி எழுத்தில்:

"செவ்வாய்ங்களா, வியாழனுங்களா?"

படித்துவிட்டு எழுத்து அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். நாலாவது எழுத்து மங்கித்தான் இருக்கிறது. வளர்மதியக்கா எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

வியாழன் வரை யாரால் இருக்க முடியும்? நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு கேட்டுவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

டிரேயும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். மடியில் வைத்துக்கொண்டேன்.

காங்கயம் கடை சின்னது. பின் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், மெஷின் இரைந்துகொண்டிருந்தது. கூப்பிட வேண்டும். வாயில் வார்த்தை இல்லை. அண்ணா கிடையாது. பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, எனக்குப் போய்க் கூச்சம். எங்கள் அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தை ஒன்றுதான் வந்தது. அதுவும் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

"ஏனுங்க."

மெஷினை நிறுத்தாமலே திரும்பினார்.